செய்தி இப்போது யார் கையில்? காலை ஷிப்ட் டெஸ்க்குக்கு ஒரு ஷீட்

கேள்வி: எங்கள் செய்தி இணையதளத்தில் என்னைக் காலை ஷிப்டுக்கு (6 முதல் 2 வரை) இன்சார்ஜாகப் போட்டிருக்கிறார்கள். எழுத ஐந்து பேர், எடிட் பார்க்க ஒருவர். வாட்ஸ்அப் குழுவில்தான் வேலை பிரிக்கிறோம். ஒரே செய்தியை இரண்டு பேர் எழுதிவிடுகிறார்கள். சிலது டிராஃப்டிலேயே கிடந்து மாலை ஷிப்டில்தான் கண்ணில் படுகிறது. எப்படிப் பிரித்துக் கொடுப்பது, கொடுத்ததை எப்படிப் பின்தொடர்வது? பெரிய சாஃப்ட்வேர் வாங்க வழியில்லை. வேர்ட்பிரஸ்ஸும் கூகுள் ஷீட்டும்தான் இருக்கின்றன.

பதில்:

அந்த இரண்டும் போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் வேலை பிரிப்பதை முதலில் நிறுத்துங்கள். குழு என்பது செய்தி வந்து விழும் இடம். நிருபர் அனுப்பிய படம், ஏஜென்சி காப்பியின் ஸ்கிரீன்ஷாட், "இதைப் பாருங்க" என்று ஒரு லிங்க், அதற்கு மேல் மூன்று கட்டைவிரல் என்று எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் "நான் எடுத்துக்கிறேன் சார்" என்று ஒருவர் போட்டது பத்து நிமிடத்தில் மேலே போய்விடும். அதைப் பார்க்காத இன்னொருவர் அதே செய்தியைத் தொடங்கியிருப்பார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

டெஸ்க்குக்கு எந்த நேரத்திலும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தச் செய்தி இப்போது யார் கையில் இருக்கிறது, எத்தனை மணியிலிருந்து. "டிராஃப்ட்", "பெண்டிங்" என்ற வேர்ட்பிரஸ் நிலைகள் இதைச் சொல்வதில்லை. டிராஃப்டில் இருக்கும் காப்பி எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம், எழுதி முடித்து மறந்து போயிருக்கலாம், எடிட்டர் ஒரு சந்தேகம் கேட்டுத் திருப்பியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே சொல்தான்.

ஆகவே ஒரு ஷீட், ஒரு செய்திக்கு ஒரு வரிசை. A முதல் G வரை ஏழு பத்திகள்: ஸ்லக், ஒரு வரியில் செய்தி, யார் கையில், நிலை, எப்போதிலிருந்து, கெடு, குறிப்பு. கடைசிப் பத்தியில் அந்தப் பதிவின் எடிட் லிங்க்கை ஒட்டிவிடுங்கள், தேட வேண்டியிருக்காது. "யார் கையில்" பத்தியில் எப்போதும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். "நானும் அக்காவும்" என்று இரண்டு பெயர் வந்தால் அது யார் கையிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலைகளுக்கு ஆறு சொற்களுக்கு மேல் வேண்டாம். நான் வைப்பவை: பிறகு, எழுத்து, எடிட், கேள்வி, வெளியானது, நின்றது. வேர்ட்பிரஸ்ஸுக்கு எடிட் ஃப்ளோ என்று ஒரு பிளகின் இருக்கிறது. அதை நிறுவினால் `Pitch`, `Assigned`, `In Progress`, `Draft`, `Pending Review` என்று நிலைகள் வரும். வாரப் பத்திரிகைக்குச் சரியாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் பத்துச் செய்தி போகும் டெஸ்க்கில் `In Progress`-க்கும் `Draft`-க்கும் வித்தியாசம் பார்த்து மாற்ற யாருக்கும் பொழுதிருக்காது. மாற்றாத நிலை, நிலையே இல்லாததைவிட மோசம். பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

சரி, ஷிப்ட் தொடக்கத்துக்கு வருவோம். ஆறு மணிக்கு உட்கார்ந்ததும் வேலையைத் தலைப்பு வாரியாகப் பிரிப்பதுதான் பொதுவான பழக்கம். நீ அரசியல், நீ சினிமா, நீ மாவட்டம் என்று. நான் கடிகாரத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வேன். காலை நேரத்தில் பல செய்திகளுக்கு அவை வரும் நேரம் முன்பே தெரியும். மழைக்காலத்தில் விடிவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர்களின் விடுமுறை அறிவிப்புகள் வரத் தொடங்கும். காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழை அளவு அதன் பிறகு வரும். ஒன்பதரை, பத்து வாக்கில் தங்கம் விலை. பத்தரைக்கு நீதிமன்றங்கள் கூடும். நண்பகலை ஒட்டி வானிலை ஆய்வு மையத்தின் பேட்டி இருக்கலாம். இவற்றை எல்லாம் ஆறு மணிக்கே "பிறகு" என்ற நிலையில் வரிசையாக ஏற்றிவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயரோடும் கெடுவோடும். பத்து மணிக்கு என்ன பரபரப்பு இருந்தாலும் தங்கம் விலை யார் வேலை என்று கேட்க வேண்டியிருக்காது. பெரிய செய்தி ஓடும் நாளில்தான் இந்த மாதிரி வழக்கமான செய்திகள் விட்டுப்போகும். ஆனால் அன்றும் அதைத் தேடி வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஐந்து பேர் இருந்தால் நான்கு பேருக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். ஐந்தாவது ஆள் கையில் எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கக்கூடிய வேலை மட்டும் இருக்கட்டும்: நேற்றைய பேட்டியைத் தட்டெழுதுவது, ராசிபலன் ஏற்றுவது, புகைப்படத் தொகுப்பு. முதல் பிரேக்கிங் அவருக்கு. இதைச் செய்யாவிட்டால், திடீரென்று ஒன்று வரும்போது பாதி எழுதிய காப்பியை விட்டுவிட்டு ஒருவர் எழுந்து வருவார். உங்கள் டிராஃப்டில் கிடப்பவற்றில் பாதியாவது அப்படி நடுவில் விடப்பட்டவையாக இருக்கும். நிர்வாகம் இதை ஆள் சும்மா இருப்பதாகப் பார்க்கும், அந்தப் பேச்சை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். அந்த ஆளைச் சுழற்சியில் மாற்றுங்கள். தினமும் ஒருவரே ராசிபலன் ஏற்றினால் அவர் மனசு விட்டுப்போகும்.

கொடுக்கும்போது எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "மழை பாத்துக்கோ தம்பி" என்றால் அவர் விடுமுறையும் எழுதுவார், ஏரியும் எழுதுவார், சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியதும் எழுதுவார். மற்றவர்களும் எழுதுவார்கள், ஏனென்றால் எல்லாமே மழைதான். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பள்ளி, கல்லூரி விடுமுறை மட்டும் உன்னுடையது. ஒரே பதிவு, மாவட்டம் சேரச் சேர அதையே அப்டேட் பண்ணு. ஏழரைக்குப் பட்டியலைக் கடைசியாகச் சரிபார்த்து என்னிடம் சொல். ஏரி உன் வேலை இல்லை." எது அவர் வேலை, எது இல்லை, எந்த வடிவத்தில், எப்போது முடியும் என்று நான்கும் அதில் இருக்கின்றன. டெஸ்க்கில் இரட்டை வேலை வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பகுதியைச் சொல்லாமல் விடுவதால்தான்.

ஷிப்ட் நடுவில் யார் எதை எடுத்தாலும் ஒரே விதி: முதலில் வரிசை, பிறகு எழுத்து. ஷீட்டில் ஸ்லக்கும் தன் பெயரும் போட அரை நிமிடம் ஆகாது. போடும்போதே மேலே அதே ஸ்லக் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். அதனால் ஸ்லக்கை ஊர், நிகழ்வு என்ற வரிசையில் எல்லோரும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஒருவர் `chembarambakkam-release` என்றும் இன்னொருவர் `lake-water-news` என்றும் வைத்தால் இரண்டும் ஒன்று என்று யாருக்கும் தெரியாது.

இப்போது ஒரு செய்தியை முழுதாகத் தொடர்ந்து பார்ப்போம். நவம்பரில் ஒரு மழை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.10-க்குச் சென்னை நிருபர் டெஸ்க்குக்கு போன் செய்கிறார்: செம்பரம்பாக்கத்தில் திறக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு கரையில் இருப்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. எவ்வளவு திறக்கிறார்கள் என்ற எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் `chembarambakkam-release` என்று வரிசை போட்டு, சும்மா வைத்திருந்த ஐந்தாவது ஆளின் பெயரை எழுதுகிறீர்கள். நிலை "எழுத்து", நேரம் 9.12, கெடு 9.30. குறிப்பில்: எத்தனை மணிக்கு, விநாடிக்கு எத்தனை கன அடி, நீர்மட்டம், எந்த ஊர்களுக்கு எச்சரிக்கை, அறிவித்தது யார்.

9.27-க்குக் காப்பி எடிட்டரிடம் போகிறது. அனுப்பியவரே ஷீட்டில் தன் பெயரை எடுத்துவிட்டு எடிட்டர் பெயரைப் போடுகிறார், நிலை "எடிட்", நேரம் 9.27. எடிட்டர் படிக்கிறார். "500 கன அடி நீர் திறக்கப்பட்டது" என்று இருக்கிறது. "விநாடிக்கு" விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, எடிட்டரே சேர்த்துவிடுவார். அடுத்த பத்தியில் "ஏரியின் மொத்த உயரமான 24 அடியில் 3,000 அடிக்கு மேல் நீர் உள்ளது" என்று ஒரு வாக்கியம். உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. எழுதியவர் நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். இன்றைய நீர்மட்டம் என்ன என்று எடிட்டருக்குத் தெரியாது. இதை அவர் ஊகித்துத் திருத்தக் கூடாது, திருப்ப வேண்டும். நிலை "கேள்வி", பெயர் மறுபடி எழுதியவருடையது, நேரம் 9.33, குறிப்பில் "இன்றைய நீர்மட்டம் எத்தனை அடி?"

பல டெஸ்க்குகளில் காப்பி காணாமல் போவது இந்த இடத்தில்தான். எடிட்டர் திருப்பிவிட்டதாக நினைப்பார், எழுதியவர் அது எடிட்டரிடம் இருப்பதாக நினைப்பார். வேர்ட்பிரஸ்ஸில் அது அசையாமல் அப்படியே இருக்கும். "கேள்வி" என்று தனி நிலை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தச் சொல்லோடு பெயரும் மாறினால் பந்து யார் பக்கம் என்பதில் சந்தேகம் வராது.

எழுதியவர் நிருபருக்கு போன் போடுகிறார். அவர் மழையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், எடுக்கவில்லை. 9.45 ஆகிறது. இந்த இடத்தில் முடிவு உங்களுடையது. எழுதியவரும் எடிட்டரும் மாறி மாறிக் காத்திருக்க விடாதீர்கள். நீர்மட்டம் இல்லாமலேயே இந்தச் செய்தி நிற்குமா? நிற்கும். திறப்பின் அளவும் நேரமும், சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று எச்சரிக்கையில் உள்ள ஊர்களும் இருந்தால் படிப்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு 9.47-க்கு வெளியிடுங்கள். குறிப்பில் "நீர்மட்டம் சேர்க்க வேண்டும்" என்று இருக்கட்டும். மாறாக, சந்தேகம் திறப்பின் அளவிலேயே இருந்தால் வெளியிடக் கூடாது. போட்டித் தளங்களில் வந்துவிட்டது என்று யார் நெருக்கினாலும் சரி. ஒரு தகவல் செய்தியின் முதுகெலும்பா இல்லையா என்று பார்த்துத்தான் காத்திருப்பதா, வெட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

11 மணிக்குத் திறப்பை விநாடிக்கு 1,000 கன அடியாக உயர்த்துகிறார்கள். புதுப் பதிவா, பழையதிலேயே திருத்தமா? நான் பார்ப்பது ஒன்றுதான்: பழைய தலைப்பு இப்போது தவறாகிவிட்டதா? "500 கன அடி திறப்பு" என்ற தலைப்பு 11 மணிக்கு ஒருவர் கையில் ஷேராக வந்து சேர்ந்தால் அவரைத் தவறாக வழிநடத்தும். எனவே அதே பதிவில் தலைப்பை மாற்றி, முதல் பத்தியில் புதிய அளவையும் நேரத்தையும் வைத்து, பழைய அளவைக் கீழே இறக்க வேண்டும். அதே வரிசையில் நிலை "வெளியானது" என்பதிலிருந்து மறுபடி "எழுத்து" ஆகும், நேரம் 11.02. வெளியான செய்தி திரும்பவும் ஒருவர் கைக்கு வருவது செய்தித்தளத்தில் அன்றாடம் நடப்பது. அச்சுப் பத்திரிகையிலிருந்து வந்தவர்களுக்கு இது பழக சற்று நாளாகும், அங்கே பக்கம் போய்விட்டால் போய்விட்டதுதான். தளத்தில் தலைப்பு மாறும்போது, பழைய எண்ணோடு போன நோட்டிஃபிகேஷனும் சமூக ஊடகப் பதிவும் மாறாமல் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வதும் அந்த வரிசையில் பெயர் இருப்பவரின் வேலையே.

விடுமுறைப் பட்டியலுக்கு மட்டும் ஒரு கூடுதல் காவல் போடுங்கள். சென்ற ஆண்டு அறிவிப்பின் படம் வாட்ஸ்அப்பில் திரும்ப வருவது ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. படத்தில் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, கையெழுத்தில் இருப்பவர் இப்போதும் அங்கே ஆட்சியராக இருக்கிறாரா என்று பார்த்தாலே பாதி பிடிபடும். அதற்கு மேல் ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்திலோ மக்கள் தொடர்பு அலுவலரிடமோ உறுதி செய்யாமல் ஒரு மாவட்டத்தையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. "பள்ளிகளுக்கு" என்று இருப்பது தலைப்பில் "பள்ளி, கல்லூரிகளுக்கு" ஆகிவிடும் தவறை எடிட்டர்தான் பிடிக்க வேண்டும்.

மழை அளவிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. காலையில் வருவது நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்த அளவு. அதை "நேற்று பெய்த மழை" என்றோ "இன்று பெய்த மழை" என்றோ எழுதினால் இரண்டுமே தவறு. அந்த வரிசையின் குறிப்பில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று ஆறு மணிக்கே எழுதிவைத்துவிடுங்கள். எழுதுபவர் அதைப் பார்த்தபடி எழுதுவார்.

அடுத்து, தேங்கி நிற்பதைக் கண்டுபிடிக்கும் வழி. ஷீட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது. அதுவே நிறம் மாறிக் காட்ட வேண்டும். A2:G200 முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Format > Conditional formatting` போய், `Custom formula is` என்பதில் இதைப் போடுங்கள் (D நிலை, E எப்போதிலிருந்து):

```
=AND($E2<>"", OR($D2="எழுத்து",$D2="எடிட்",$D2="கேள்வி"), NOW()-$E2>TIME(0,25,0))
```

ஒரு செய்தி ஒரே கையில் 25 நிமிடத்துக்கு மேல் இருந்தால் வரிசை முழுக்க நிறம் மாறும். `File > Settings > Calculation`-இல் `On change and every minute` என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது எதையாவது திருத்தினால்தான் நேரம் கணக்காகும். E பத்தியில் தேதியும் நேரமும் சேர்ந்து இருக்க வேண்டும். விண்டோஸில் `Ctrl+Alt+Shift+;` அழுத்தினால் இரண்டும் விழும். வெறுமனே 9:27 என்று கையால் அடித்தால் அதில் தேதி இருக்காது, உடனே சிவப்பாகிவிடும். முதல் நாள் எல்லாமே சிவப்பாக இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். நிலைகளுக்கு டிராப்டவுன் வைத்துவிடுங்கள். ஒருவர் "எடிட்" என்றும் இன்னொருவர் "எடிட்டிங்" என்றும் அடித்தால் சூத்திரம் இரண்டாவதைக் கண்டுகொள்ளாது.

நிறம் மாறிய வரிசைகளை அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஒருவரிடம் ஒன்று சிவந்திருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். "எடிட்" என்ற நிலையில் நான்கு சேர்ந்து சிவந்திருந்தால் பிரச்சினை ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஐந்து பேர் எழுத, ஒருவர் மட்டும் எடிட் பார்க்கும் டெஸ்க்கில் காலை பத்து மணி வாக்கில் இது நடந்தே தீரும். அப்போது வந்த வரிசையில் பார்க்கச் சொல்லாதீர்கள். எது சீக்கிரம் பழசாகுமோ அது முதலில். ஏரி திறப்பு முன்னால், திரைப்பட அறிவிப்பு பின்னால். ஒன்றிரண்டை நீங்களே எடுத்து எடிட் பாருங்கள். அதற்காகவே இன்சார்ஜ் தன் பெயரில் எழுத்து வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பேன். பல இடங்களில் நன்றாக எழுதுகிறவரையே இன்சார்ஜ் ஆக்குவதால், அவரே முக்கியச் செய்தியை எழுத உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஷீட்டைப் பார்க்க ஆள் இருக்காது.

நெருக்கடி வரும்போது "இன்னைக்கு மட்டும் நேரா பப்ளிஷ் பண்ணிடுங்க" என்று சொல்லத் தோன்றும். அந்த வழியே இல்லாமல் செய்துவிடலாம். வேர்ட்பிரஸ்ஸில் எழுதுபவர்களுக்கு `Contributor` உரிமை மட்டும் கொடுத்தால் அவர்களால் வெளியிட முடியாது, `Submit for Review` மட்டுமே செய்ய முடியும். `Editor` உரிமை உங்களுக்கும் எடிட் பார்ப்பவருக்கும் இருக்கட்டும். இதில் ஒரு தொல்லை உண்டு: `Contributor` உரிமையில் படம் ஏற்ற முடியாது, வெளியான தன் பதிவைத் திருத்தவும் முடியாது. படத்தை எடிட்டர் சேர்க்க வேண்டும், அல்லது உங்கள் டெவலப்பரிடம் சொல்லிப் படம் ஏற்றும் உரிமையை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும். செம்பரம்பாக்கம் மாதிரி அப்டேட் வரும் செய்திகளில் எழுதியவர் புதிய பத்தியை அடித்துக் கொடுக்க, எடிட்டர் சேர்ப்பார். கொஞ்சம் மெதுவாகும். ஐந்து பேரும் நேராக வெளியிடும் டெஸ்க்கில் வரும் பிழைகளோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு நிமிடம் பெரிதில்லை.

இந்த ஷீட்டுக்கும் எல்லை உண்டு. தேர்தல் முடிவு நாள், புயல் கரையைக் கடக்கும் இரவு மாதிரி நிமிடத்துக்கு ஒன்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் வரிசை போட முடியாது. அப்போது லைவ் பதிவு ஒன்று, ஷீட்டில் அதற்கு ஒரே வரிசை, அதில் ஒரே பெயர். உள்ளே வரும் துணுக்குகளை அந்த ஆள் பார்த்துக்கொள்வார். லைவிலிருந்து தனிச் செய்தியாகப் பிரித்து எழுத வேண்டியதற்கு மட்டும் தனி வரிசை. லைவ் பார்ப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். கண் பூத்துப்போய், வந்த துணுக்கையே திரும்பப் போடுவார்.

கடைசியாக மாலை ஷிப்டுக்குக் கைமாற்றுவது. 1.45-க்கு ஷீட்டில் "வெளியானது" என்பதைத் தவிர மற்ற எல்லா வரிசைகளையும் வடிகட்டி, மாலை இன்சார்ஜோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் ஆள் பெயரில் ஒரு வரிசைகூட நிற்கக் கூடாது. எழுதியவர் "நான் வீட்ல இருந்து முடிச்சு அனுப்பிடறேன்" என்பார். வேண்டாம், மாலைக்காரர் பெயருக்கு மாற்றி, அவர் கேட்டால் உதவட்டும். வெளியான வரிசைகளிலும் குறிப்பில் "நீர்மட்டம் சேர்க்க வேண்டும்" என்ற மாதிரி ஏதாவது நிற்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

"நின்றது" என்று போட்ட வரிசைகளை அழிக்க வேண்டாம். ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதி அப்படியே விடுங்கள்: போலீஸ் உறுதி செய்யவில்லை, பழைய வீடியோ, நீதிமன்றம் ஒத்திவைத்தது என்று. காரணம் இல்லாமல் அழித்துவிட்டால், நீங்கள் காலை பத்து மணிக்குப் போலி என்று கண்டுபிடித்து நிறுத்திய அதே வீடியோவை மாலை நான்கு மணிக்கு யாராவது குழுவில் பார்த்துப் புதுச் செய்தியாக எழுதத் தொடங்குவார்.